ஒரே வண்டி, மூன்று பேர் சரக்கு: வாடகையை எப்படிப் பிரிப்பது?

சிறு வியாபாரிகள் செலவைக் குறைக்க மூன்று விதமாகக் கைகோப்பார்கள். ஒரே கடையிடத்தை வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்துகொள்வது ஒன்று. மூலப்பொருளைச் சேர்ந்து மொத்தமாக வாங்குவது இன்னொன்று. எல்லோருடைய சரக்கையும் ஒரே வண்டியில் அனுப்புவது மூன்றாவது. மூன்றிலும் லாபம் வரும் வழி ஒன்றுதான்: தனியாகச் செய்தாலும் கூட்டாகச் செய்தாலும் அளவு மாறாத ஒரு செலவு உள்ளே ஒளிந்திருக்கும், அதைப் பலர் தோளில் ஏற்றிக்கொள்கிறோம். கடைக்கு அது மாத வாடகை. வண்டிக்கு அது புறப்படும் செலவு.

சேரலாம் என்று முடிவெடுப்பது சுலபம். கூட்டு உடைவது பெரும்பாலும் பணம் பிரிக்கும் இடத்தில்தான். “எல்லோரும் சமமாகப் போட்டுவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், இரண்டு மாதம் கழித்து ஒருவர் போனை எடுக்கமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கிலேயே கோளாறு இருந்திருக்கும். எங்கே கோளாறு என்பது கூட்டு டெலிவரியில் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று பேர், ஒரே சாலை

ஒரே தெருவில் மூன்று பேர் பொருள் செய்கிறார்கள். ஒருவர் சோப்பு, ஒருவர் மெழுகுவத்தி, இன்னொருவர் மண்பானை. மூவருக்கும் வாடிக்கையாளர்கள் ஒரே நேர்ச் சாலையில் இருக்கிறார்கள். சோப்பு போகவேண்டிய இடம் 10 கிலோமீட்டரில், மெழுகுவத்தி 20 கிலோமீட்டரில், பானை 40 கிலோமீட்டரில்.

வண்டிக்காரர் கணக்கு இப்படி: வண்டி எடுத்தாலே 300, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. திரும்பி வரும் தூரமும் கணக்கில் உண்டு. இது எந்த ஊர்ப் பணம் என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எண்களின் உறவுதான் நமக்கு முக்கியம்.

தனித்தனியாக அனுப்பினால் சோப்புக்காரருக்குப் போக வர 20 கிலோமீட்டர், அதற்கு 240, வண்டி எடுக்க 300, ஆக 540. மெழுகுவத்திக்காரருக்கு 780. பானைக்காரருக்கு 1,260. மூவரும் சேர்ந்து செலவழிப்பது 2,580.

சேர்த்து அனுப்பினால்? வண்டி எப்படியும் 40 கிலோமீட்டர் போகிறது, வழியில்தான் மற்ற இரண்டு இடங்களும் இருக்கின்றன. எனவே மொத்தச் செலவு 1,260 மட்டுமே. மிச்சம் 1,320. பாதிக்கும் மேல் மிச்சம் என்பதால் எப்படிப் பிரித்தாலும் எல்லோருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை.

பெட்டி எண்ணிப் பிரித்தால்

முதலில் எல்லோர் மனதிலும் வருவது பெட்டிக் கணக்கு. “யார் எவ்வளவு ஏற்றுகிறாரோ அவ்வளவு கொடுக்கட்டும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் சோப்பு 60 பெட்டி, மெழுகுவத்தி 30, பானை 10 பெரிய பெட்டி என்று வைப்போம். மொத்தம் 100. 1,260-ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் சோப்புக்காரர் 756 கட்டவேண்டும்.

தனியாக அனுப்பியிருந்தால் அவருக்கு 540-தான். கூட்டில் சேர்ந்ததற்காக 216 அதிகமாகக் கட்டுகிறார்! பானைக்காரரோ 40 கிலோமீட்டர் பயணத்துக்கு வெறும் 126 கொடுத்துவிட்டுச் சிரித்தபடி போகிறார்.

“பானைப் பெட்டி பெரிது, அதை நாலு பெட்டியாக எண்ணுங்கள்” என்று ஒருவர் சொல்வார். சரி, எண்ணிப் பார்ப்போம். பானை 40 ஆகிறது, மொத்தம் 130. சோப்புக்காரர் பங்கு சுமார் 582. இன்னும் 540-க்கு மேலேதான். அளக்கும் கோலைத் திருத்தினாலும் நோய் போகவில்லை, ஏனென்றால் இந்த வண்டியின் செலவை ஏற்றுவது பெட்டி அல்ல, தூரம். வண்டியில் இடம் மிச்சம் இருக்கும்வரை ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றினால் செலவு ஏறக்குறைய ஏறுவதே இல்லை.

இங்கே கிடைக்கும் முதல் சோதனை இதுதான்: கூட்டில் யாரும், தனியாகப் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகமாகக் கட்டக் கூடாது. எந்தப் பிரிப்பு முறையைப் பேசினாலும் முதலில் ஒவ்வொருவருடைய தனிச் செலவையும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், பல கூட்டுகளில் இந்த ஒரு வரியை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

சமமாகப் பிரித்தால்

1,260-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 420. சோப்புக்காரருக்கு 540-க்குப் பதில் 420, மெழுகுவத்திக்காரருக்கு 780-க்குப் பதில் 420, பானைக்காரருக்கு 1,260-க்குப் பதில் 420. மூவரும் முதல் சோதனையில் தேறிவிட்டார்கள். கணக்கும் எளிது. இதில் என்ன கோளாறு?

சோப்புக்காரரும் மெழுகுவத்திக்காரரும் ஒரு நாள் டீ குடிக்க உட்காருகிறார்கள். “நாம ரெண்டு பேரும் சேர்ந்து 840 கொடுக்கிறோம். நாம மட்டும் வண்டி பிடிச்சா 20 கிலோமீட்டர்தான், 780-ல முடிஞ்சுடும்.” அன்றோடு கூட்டு முடிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஆனால் இருவர் சேர்ந்து விலகினால் 60 மிச்சம். தூரமாகப் போகிறவரின் கடைசி 20 கிலோமீட்டருக்கு இவர்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அது மெதுவாகத்தான் புரிந்தது.

ஆகவே இரண்டாவது சோதனை: கூட்டுக்குள் இருக்கும் எந்தச் சிறு குழுவும், தாங்கள் மட்டும் தனியாகப் போனால் ஆகும் செலவைவிட அதிகமாகக் கட்டக் கூடாது. மூன்று பேர் என்றால் மூன்று ஜோடிகளைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். சமப் பங்கு பல இடங்களில் சுமுகமாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கெல்லாம் உறுப்பினர்களின் தேவை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், அதனால்தான் நடக்கிறது.

சாலையைத் துண்டு போடுவது

இப்போது சரியான வழி. வண்டியின் செலவை மொத்தமாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் யார் பயன்படுத்துகிறார்களோ, அவர்கள் மட்டும் அதைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வண்டி எடுக்கும் 300 மூவருக்கும் பொது, ஆளுக்கு 100. முதல் 10 கிலோமீட்டர் (போக வர 240) மூவருக்கும் பொது, ஆளுக்கு 80. சோப்பு இறங்கிவிடுகிறது. அடுத்த 10 கிலோமீட்டருக்கு இன்னொரு 240, இது மெழுகுவத்திக்கும் பானைக்கும் மட்டும், ஆளுக்கு 120. மெழுகுவத்தி இறங்கிவிடுகிறது. கடைசி 20 கிலோமீட்டருக்கு 480, இது பானைக்காரர் மட்டுமே கொடுக்கவேண்டியது.

கூட்டிப் பார்த்தால் சோப்புக்காரர் 180, மெழுகுவத்திக்காரர் 300, பானைக்காரர் 780. மொத்தம் 1,260, சரியாக இருக்கிறது. தனியாகப் போவதோடு ஒப்பிட்டால் முறையே 360, 480, 480 மிச்சம். சோப்பும் மெழுகுவத்தியும் சேர்ந்து கொடுப்பது 480, அவர்கள் மட்டும் வண்டி பிடித்தால் 780. இனி அந்த டீ மேசையில் பேச ஒன்றும் இல்லை. பானைக்காரர் 780 என்றதும் முகம் சுளிக்கலாம். அவரிடம் 1,260 என்று எழுதிய காகிதத்தைக் காட்டினால் போதும்.

இது பெட்டிக்கடைக் கணக்கு மாதிரி தெரிந்தாலும் இதன் பின்னால் கனமான கணிதம் இருக்கிறது. கூட்டாகச் செய்த ஒரு காரியத்தில் ஒவ்வொருவருடைய பங்கு என்ன என்று கணக்கிடும் முறையை லாயிட் ஷாப்லி 1953-ல் தந்தார். 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். விமான நிலைய ஓடுபாதையின் செலவைப் பெரிய விமானங்களுக்கும் சிறிய விமானங்களுக்கும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு அந்த முறையைப் பொருத்தினால், கடைசியில் மேலே செய்த துண்டுக் கணக்குதான் விடையாக வருகிறது என்று லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இருவர் 1973-ல் காட்டினார்கள். சிறிய விமானத்துக்குக் குட்டை ஓடுபாதை போதும், பெரியதற்கு நீளம் வேண்டும். ஓடுபாதையின் முதல் பகுதி எல்லோருக்கும் பொது, கடைசிப் பகுதி பெரிய விமானத்துக்கு மட்டும். நம் சாலையும் அதே வடிவம்தான்.

கடைசி நேரத்தில் “இன்னைக்கு வரல”

காலை 8 மணிக்கு வண்டி. 7 மணிக்குப் பானைக்காரர் போன் செய்கிறார், சூளை சரியாக வேகவில்லை, இன்று சரக்கு இல்லை. இப்போது என்ன செய்வது?

வண்டி இனி 20 கிலோமீட்டர்தான் போகும், செலவு 780. மீதி இருவர் மட்டும் துண்டு போட்டுப் பிரித்தால், வண்டி எடுக்க ஆளுக்கு 150, முதல் துண்டுக்கு ஆளுக்கு 120, இரண்டாம் துண்டு முழுவதும் மெழுகுவத்திக்காரருக்கு 240. அதாவது சோப்புக்காரர் 270, மெழுகுவத்திக்காரர் 510. நேற்றுவரை 180-ம் 300-ம் கொடுத்தவர்கள் இன்று மொத்தம் 300 அதிகமாகக் கொடுக்கிறார்கள்.

பானைக்காரருடைய 780-ஐ மறுபடி பிரித்துப் பாருங்கள். பொதுத் துண்டுகளில் அவர் பங்கு 100, 80, 120, ஆக 300. அவருக்கு மட்டுமான கடைசித் துண்டு 480. வண்டி அங்கே போகாததால் 480 செலவாகவே இல்லை, அதை அவரிடம் கேட்க முடியாது. பொதுத் துண்டுகளின் 300-ஐத்தான் மற்றவர்கள் சுமக்கிறார்கள். எனவே தாமதமாக விலகினால் பொதுத் துண்டில் உள்ள தன் பங்கைக் கட்டவேண்டும், தனித் துண்டைக் கட்டவேண்டியதில்லை என்று விதி வைத்தால், மற்ற இருவரும் பழையபடி 180-ம் 300-ம் மட்டும் கொடுத்தால் போதும். இதை அபராதம் என்று அழைக்காதீர்கள். அபராதம் என்றால் மனிதர்களுக்குக் கோபம் வரும், தன் பங்கு என்றால் அவ்வளவாக வராது.

எது “தாமதம்” என்பதற்கு ஒரு நேரம் வேண்டும். முந்தைய நாள் மாலை 6 மணி என்று வைத்தால், அதற்கு முன் சொன்னவர் எதுவும் கட்டவேண்டாம், ஏனென்றால் மற்றவர்கள் அன்று அனுப்புவதா நாளைக்குத் தள்ளுவதா என்று யோசிக்க நேரம் இருக்கிறது.

பானைக்காரரின் 7 மணி போன் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பரவாயில்லை. வாராவாரம் வந்தால் அவருக்கு உண்மையில் வாரம் ஒரு வண்டி தேவைப்படவில்லை என்று அர்த்தம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் அவரைச் சேர்த்துக்கொண்டால் எல்லோருக்கும் தலைவலி குறையும்.

வண்டி நிறைந்துவிட்டால்

இதுவரை ஒரு விஷயத்தைப் பேசாமல் கடந்து வந்திருக்கிறேன்: வண்டியில் இடம் மிச்சம் இருந்தது. இடம் தீர்ந்தால் தூரக் கணக்கு மட்டும் போதாது, ஏனென்றால் இப்போது ஒரு பெட்டியும் செலவை ஏற்றுகிறது. ஒரு பெட்டி கூடுதலாக ஏற்ற வேண்டுமென்றால் இரண்டாவது வண்டியே வேண்டியிருக்கலாம்.

வண்டியில் சிறிய பெட்டிக் கணக்கில் 150 இடம் என்போம். ஒரு பானைப் பெட்டி நாலு சிறிய பெட்டிக்குச் சமம். மூவரும் ஆரம்பத்திலேயே இடத்தை ஒதுக்கிக்கொள்கிறார்கள்: சோப்புக்கு 65, மெழுகுவத்திக்கு 35, பானைக்கு 50. ஒரு வாரம் வியாபாரம் சூடு பிடித்து சோப்பு 80 பெட்டி வருகிறது. மெழுகுவத்தி 30, பானை 12 பெரிய பெட்டி, அதாவது 48. கூட்டினால் 158, எட்டு அதிகம்.

யாருடைய எட்டு? ஒதுக்கீடு இல்லையென்றால் இதற்கு விடையே கிடையாது, கடைசியாக வந்த பெட்டி யாருடையதோ அவர் தலையில் விழும், வண்டியருகில் நின்று சத்தம் போடுவார்கள். ஒதுக்கீடு இருந்தால் விடை சுலபம். சோப்பு தன் 65-ஐ விட 15 அதிகம். மற்றவர்கள் விட்டுவைத்த இடம் 5-ம் 2-ம், ஆக 7. அதைச் சோப்பு எடுத்துக்கொள்ளலாம். மீதி எட்டுப் பெட்டியை அடுத்த நடைக்கு வைப்பதா, தனி வண்டிக்கு 540 கொடுப்பதா என்பது சோப்புக்காரரின் முடிவு, செலவும் அவருடையது.

இடத்தை அளக்கும்போது எடையை நம்பாதீர்கள். கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து அதையே “கன எடை” என்று எடுத்துக்கொள்வது இதற்காகத்தான். 50, 40, 30 சென்டிமீட்டர் பெட்டி, தராசில் 5 கிலோ இருந்தாலும், கன எடையில் 12 கிலோ. உடையாமல் இருக்க வைக்கோலும் காகிதமும் திணித்த பானைப் பெட்டி இப்படித்தான் ஊதிப்போய் இருக்கும்.

நிறுத்தம் இன்னொரு தனிக் கணக்கு. சோப்புக்காரருக்கு 10-வது கிலோமீட்டரில் ஆறு கடை, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் என்றால் வண்டி ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கிறது. வண்டிக்காரர் காத்திருப்புக்குக் காசு கேட்டால் அது சோப்புக்காரருடையது. கேட்கவில்லையென்றாலும் பானை ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. பொதுவானதைத்தான் பிரிக்கிறோம். ஒருவருக்காக மட்டும் ஆகும் செலவைப் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் அடுத்த முறை அவர் இன்னும் இரண்டு கடையைச் சேர்ப்பார், அவருக்கு ஒன்றும் கூடாதே.

கடைக்கும் மொத்த வாங்கலுக்கும்

பகிர்ந்த கடையிடத்துக்கு இதே அறிவு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். மாத வாடகையும் விளக்கும் எல்லோருக்கும் பொது. குளிர்பதனப் பெட்டி ஒருவருக்கு மட்டும் வேண்டுமென்றால் அதன் மின்சாரம் அவருடையது. பெரிதாகச் சண்டை வருவது வாடகையில் அல்ல, கடையில் யார் உட்காருவது என்பதில். உட்காரும் மணி நேரத்துக்கும் ஒரு கூலி வைத்து, அதையும் பொதுச் செலவில் சேர்த்துப் பிரித்தால் அந்தச் சண்டையும் கணக்குக்குள் வந்துவிடும்.

சேர்ந்து மொத்தமாக வாங்குவது கொஞ்சம் வேறு. 1898-ல் பெர்லினில் 21 மளிகை வியாபாரிகள் கொள்முதலுக்காக ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஜெர்மனியின் பெரிய சில்லறை வணிகக் குழுமங்களில் ஒன்றான எடேகா. இப்படிச் சேர்ந்து வாங்கும்போது பிரிக்கவேண்டியது பெரும்பாலும் விலைப் படிநிலை, அதாவது ‘இத்தனைக்கு மேல் வாங்கினால் ஒன்றுக்கு இவ்வளவு’ என்ற கணக்கு. எல்லோரும் ஒரே குறைந்த விலையில் எடுத்துக்கொள்வதால் பிரிப்பு சிரமமில்லை. சிக்கல் வேறிடத்தில்: அடுத்த படியை எட்ட 20 பெட்டி குறைகிறது என்று யாரோ ஒருவர் தேவையில்லாமல் 20 எடுத்துக்கொள்வார். அது அவர் வீட்டில் மூன்று மாதம் கிடக்கும். மற்றவர்கள் அடைந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகவேண்டும், அதைக் கேட்க அவர் கூச்சப்படுவார், நீங்களே கொடுத்துவிடுங்கள்.

புதிதாக ஒருவர் சேர்ந்தால்

மறுபடி நம் சாலைக்கு வருவோம். துணிப்பை தைக்கும் ஒருவர் வருகிறார். அவருடைய கடை 20-வது கிலோமீட்டரில் திரும்பி 5 கிலோமீட்டர் உள்ளே. போக வர 10 கிலோமீட்டர், 120. அது முழுவதும் அவருடையது. வண்டி எடுக்கும் 300 இனி நால்வருக்கு, ஆளுக்கு 75. முதல் துண்டு ஆளுக்கு 60. இரண்டாம் துண்டு மூவருக்கு, ஆளுக்கு 80. ஆகப் புதியவர் 335 கொடுக்கிறார், தனியாகப் போனால் 900. சோப்பு 180-லிருந்து 135 ஆகிறது, மெழுகுவத்தி 300-லிருந்து 215, பானை 780-லிருந்து 695. நாலு பேருக்கும் மிச்சம்.

பழையவர்கள் மூவரும் உடனே சரி என்பார்கள். பானைக்காரரை மட்டும் ஒரு நிமிடம் தனியாகக் கேளுங்கள். அவருடைய வாடிக்கையாளர் காலை 11 மணிக்குள் சரக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கிளைச்சாலையும் புதிய நிறுத்தமும் அரை மணி நேரம் விழுங்கும். 85 மிச்சமாகிறது என்பதற்காக அவர் அந்த ஆர்டரை இழக்கத் தயாரா என்பது எண்களில் தெரியாது. தயாரில்லை என்றால் துணிப்பையைத் திரும்பி வரும்போது இறக்கலாம், தூரம் ஒன்றுதான், செலவும் மாறாது. துணிப்பைக்காரரின் கடை மதியம் வரை காத்திருக்குமா என்பதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.